பதிபவர் ஒருவர், ஒப்புபவர் வேறொருவர்

அமெரிக்காவின் இல்லினாய்சு மாநிலத்திலுள்ள டிக்சன் என்னும் சிறுநகரின் நிதி அலுவலர் ரீட்டா கிரண்ட்வெல், 1990இல் நகராட்சியின் பெயரில் பிறர் அறியாதவாறு ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். போலிப் பட்டியல்களை உருவாக்கியவரும் அவற்றுக்குக் காசோலை எழுதியவரும் அவரே. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை களவு போயிற்று. 2011இல் அவர் விடுப்பில் இருந்தபோது, வேறோர் அலுவலர் வங்கி அறிக்கைகளை வாங்கிப் பார்த்தமையால்தான் அது வெளிப்பட்டது.

நன்கமைந்த கணக்கியல் மென்பொருள் இவ்விரு பணிகளையும் பிரித்துவிடுகிறது. எழுத்தர் ஒருவர் ரூ.48,000க்குச் செலவுச்சீட்டைப் பதிந்தால், அவருடைய பயனர் பெயரும் அதனோடு சேமிக்கப்படும். ஒப்புதல் அளிக்க வருபவரின் பெயரும் அதுவேயாயின் மென்பொருள் மறுக்கும். பதிந்தவர் மேலாளரே ஆயினும் விதி மாறாது. அது பதவியைப் பாராமல் ஆளையே ஒப்பிடுகிறது. ஒப்புதலுக்குப் பின் தொகையையோ பெறுபவரின் வங்கிக் கணக்கு எண்ணையோ எவரேனும் திருத்தினால், பழைய ஒப்புதல் நீங்கிச் சீட்டு மீண்டும் காத்திருக்க வேண்டும். இவ்விடத்தைக் காவாத மென்பொருளில் பணிப்பிரிப்பு பெயரளவினதே.

மேலாளர் தம் கடவுச்சொல்லை எழுத்தரிடம் கொடுத்துவிட்டாலோ, ஒருவர் செய்வது மென்பொருளுக்கு இருவர் செய்வதாகவே தோன்றும். தணிக்கையாளர் நிகழ்வுப் பதிவேட்டைப் புரட்டுகையில் ஐயம் எழும்: ஒரே கணினியிலிருந்து, சில நொடி இடைவெளியில், பதிவும் ஒப்புதலும் நாள்தோறும் அடுத்தடுத்து நிகழ்ந்திருக்கும்.