சர்க்கரை தன்னைத்தானே அடக்கும் விதம்: ஓர் அம்புக்குறிப் படம்

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் முழுவதையும் எடுத்து, அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸை மட்டும் பிரித்தால் கிடைப்பது சுமார் 4 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அவ்வளவுதான். அவர் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்தோ ஏறக்குறைய 40 கிராம். அத்தனையும் குளுக்கோஸாக மாறி ரத்தத்திலேயே தங்கிவிட்டால், 90 மில்லிகிராமாக இருக்கும் அளவு ஆயிரத்தை நெருங்கும். ஆனால் நலமாக இருப்பவருக்கு அது 140ஐத் தாண்டுவதே அரிது, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்தும் விடும். (இந்தக் கட்டுரையில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, ஆய்வகச் சீட்டில் வருவதும் அதே.)

இதை நடத்துவது யார் என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் இன்சுலின். பாதிதான் சரி. இன்சுலின் சர்க்கரையை இறக்கும், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. நிறுத்துவது சர்க்கரையேதான். இதைச் சொற்களால் விளக்குவதைவிட அம்புக்குறி போட்டுக் காட்டுவது எளிது.

கூட்டல் குறி போட்ட அம்புக்குப் பொருள்: முதலாவது கூடினால் அடுத்ததும் கூடும், குறைந்தால் குறையும். கழித்தல் குறி என்றால் நேரெதிர்: முதலாவது கூடினால் அடுத்தது குறையும், குறைந்தால் கூடும்.

```
முதல் வட்டம்
சர்க்கரை ──(+)──▶ பீட்டா செல் ──(+)──▶ இன்சுலின்
இன்சுலின் ──(+)──▶ தசை, கொழுப்பு உள்வாங்குவது ──(−)──▶ சர்க்கரை
இன்சுலின் ──(−)──▶ கல்லீரல் வெளிவிடுவது ──(+)──▶ சர்க்கரை

இரண்டாம் வட்டம்
சர்க்கரை ──(−)──▶ ஆல்பா செல் ──(+)──▶ குளுக்ககான்
குளுக்ககான் ──(+)──▶ கல்லீரல் வெளிவிடுவது ──(+)──▶ சர்க்கரை

குறுக்குக் கோடு
இன்சுலின் ──(−)──▶ ஆல்பா செல்
```

பீட்டா செல், ஆல்பா செல் இரண்டும் கணையத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அந்தத் திட்டுகளை 1869இல் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர். அவை எதற்காக இருக்கின்றன என்று அவருக்கே அப்போது தெரியாது. பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்துவிட்டது.

இப்போது படத்தில் ஏதாவது ஒரு வட்டத்தைச் சர்க்கரையில் தொடங்கிச் சர்க்கரையிலேயே முடியும்படி சுற்றி வாருங்கள். வழியில் எத்தனை கழித்தல் குறி வருகிறது என்று எண்ணுங்கள். எந்த வழியாகப் போனாலும் ஒன்றே ஒன்றுதான் வரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழித்தல் வந்தால், எந்த மாற்றமும் சுற்றி வரும்போது தலைகீழாகி, தன்னையே எதிர்க்கும். ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும். எதிர்மறைப் பின்னூட்டம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். சர்க்கரை 90இலேயே நிற்கக் காரணம் இந்த ஒற்றைக் கழித்தல்.

முதல் அம்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பீட்டா செல்லுக்கு எப்படித் தெரிகிறது? மூளை சொல்லி அனுப்புவதில்லை. அந்தச் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ப உள்ளே வரும். வந்ததைச் செல் எரித்து ஏடிபி என்னும் எரிசக்தி மூலக்கூறாக மாற்றும். செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் சிறு வாயில்கள் உண்டு. ஏடிபி கூடினால் அவை மூடிக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் உள்ளேயே தங்க, செல்லின் மின்னழுத்தம் மாறும். அதனால் கால்சியம் வாயில்கள் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், தயாராகப் பொதிந்து வைத்திருந்த இன்சுலின் ரத்தத்தில் கொட்டும். சர்க்கரை இறங்கினால் இதே சங்கிலி பின்னோக்கி அவிழும்: ஏடிபி குறையும், பொட்டாசியம் வாயில் திறக்கும், இன்சுலின் நிற்கும். ஏற்கெனவே வெளிவந்த இன்சுலினும் ரத்தத்தில் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். நெடுநேரம் தங்கும் பொருளாக அது இருந்தால், நிறுத்தச் சொல்லியும் பயனிருக்காது.

பொட்டாசியம் வாயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

கணையத்திலிருந்து கிளம்பும் இன்சுலின் முதலில் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. ஏறக்குறைய பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். கல்லீரலுக்கு இந்தச் சலுகை நியாயமானதுதான். இரவு முழுவதும் நாம் ஒன்றும் சாப்பிடாதபோது மணிக்குச் சுமார் 7 கிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருப்பது அது. அதில் பெரும் பங்கு மூளைக்குப் போகிறது. இட்லி உள்ளே வந்ததும் கல்லீரல் வெளிவிடுவதை நிறுத்தி, சேமிக்கத் தொடங்க வேண்டும். இன்சுலினின் மூன்றாவது வரி அம்பு செய்வது அதைத்தான். தசைகளும் உள்வாங்கும், ஆனால் ஒரு முறை வாங்கியதைத் தசை திருப்பித் தராது. குளுக்கோஸை விடுவிக்கத் தேவையான நொதி அதனிடம் இல்லை. ஆகவே பசி நேரத்தில் ரத்தத்துக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். அங்கே சேமித்திருப்பது 100 கிராம் அளவுக்குத்தான். அது தீரத் தீர, தசைப் புரதத்தின் சிதைவுப் பொருட்களிலிருந்தும் கொழுப்பிலிருந்து வரும் கிளிசராலிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸ் செய்யவும் அதற்குத் தெரியும்.

பாடநூல் படங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. சாப்பிட்டால் இன்சுலின், பசித்தால் குளுக்ககான் என்று விளக்கு போடும் சுவிட்ச் மாதிரி வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் எந்நேரமும் ரத்தத்தில் இருக்கின்றன. நள்ளிரவிலும் கொஞ்சம் இன்சுலின் இருக்கிறது. கல்லீரல் பார்ப்பது இரண்டில் எது ஓங்கி இருக்கிறது என்பதை. குறுக்குக் கோட்டையும் பல படங்களில் விட்டுவிடுகிறார்கள். இன்சுலின் பக்கத்திலிருக்கும் ஆல்பா செல்லை அடக்கி வைக்கிறது. இன்சுலின் இறங்கினால்தான் குளுக்ககான் தாராளமாக எழ முடியும்.

அந்தக் கோடு இருந்தால் பலர் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும். "ராத்திரி இரண்டு தோசைதான் சாப்பிட்டேன். அப்புறம் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. காலையில் 150 எப்படி வந்தது?" இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கல்லீரலை அடக்கும் அம்பும் ஆல்பா செல்லை அடக்கும் அம்பும் இரண்டுமே நைந்துபோகின்றன. கல்லீரல் இரவெல்லாம் தேவைக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்கிறது. காலைச் சர்க்கரைக்கு இரவுச் சாப்பாட்டைவிட இதுவே பெரிய காரணம்.

இனி, அம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், பல ஆண்டுகளாகக் கிளிமெபிரைடு 2 மில்லிகிராம் மாத்திரை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் ஆறரை மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்புகிறார். அப்போது சர்க்கரை 110. ஆய்வகத்தில் கூட்டம். ஒன்பதரை ஆகியும் அவர் முறை வரவில்லை.

கிளிமெபிரைடு வேலை செய்யும் இடம் நாம் பார்த்த அதே பொட்டாசியம் வாயில். ஏடிபி கூடினால்தான் மூட வேண்டிய வாயிலை, மாத்திரை தானே பிடித்து மூடிவிடுகிறது. சாப்பிட்டிருந்தால் நல்லதுதான், தளர்ந்த பீட்டா செல்லுக்கு அது உந்துதல். சாப்பிடாதபோது சர்க்கரை 90, 80, 70 என்று இறங்குகிறது. நலமான உடலில் 80க்குக் கீழே வந்ததுமே இன்சுலின் அநேகமாக நின்றிருக்கும். இங்கே ஏடிபி குறைந்தும் வாயில் திறக்கவில்லை, இன்சுலின் வந்துகொண்டே இருக்கிறது. படத்தில் சர்க்கரையிலிருந்து பீட்டா செல்லுக்குப் போகும் முதல் அம்பை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மாத்திரை உட்கார்ந்திருக்கிறது. பாதிப்பு அதோடு நிற்பதில்லை. நிற்காத இன்சுலின் குறுக்குக் கோட்டின் வழியாக ஆல்பா செல்லையும் அமுக்கிப் பிடிப்பதால், காப்பாற்ற வர வேண்டிய குளுக்ககானும் போதிய அளவு வருவதில்லை.

மிச்சமிருக்கும் காவல் அட்ரினலின். 65, 70 வாக்கில் அது சுரக்கும். கல்லீரலைத் தட்டி எழுப்பும், கூடவே நமக்கும் தெரியும்படி கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, அகோரப் பசி எல்லாம் கொண்டுவரும். 55க்குக் கீழே போனால் பேச்சுக் குழறும், பதில் முன்னுக்குப் பின் முரணாக வரும். பக்கத்தில் இருப்பவர்கள் இவர் குடித்திருக்கிறார் என்றுகூட நினைத்துவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ நடுக்கத்துக்கோ புரோப்ரனலால் போன்ற மாத்திரை போடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து பழகியவர்களுக்கு இந்த எச்சரிக்கையே மழுங்கிவிடுவதும் உண்டு.

எந்தச் சர்க்கரை மாத்திரையும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அது எந்த அம்பைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் வெளிவிடுவதைக் குறைக்கிறது. முதல் அம்பு அப்படியே இருப்பதால், சர்க்கரை இறங்கினால் பீட்டா செல் தானாக அடங்கும். அதனால்தான் மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். சிட்டாகிளிப்டின் வகை பீட்டா செல்லைத் தூண்டினாலும், சர்க்கரை உயர்ந்திருக்கும்போதுதான் அதிகம் தூண்டும், முதல் அம்பை அது வெட்டுவதில்லை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மூன்றும் பொட்டாசியம் வாயிலைப் பிடிப்பவை. ஊசியாகப் போடும் இன்சுலினுக்கும் இதே நிலைமைதான். தோலுக்கடியில் போன மருந்தை எந்த அம்பாலும் திருப்பி அழைக்க முடியாது.

ஆய்வகத்தில் காத்திருந்தவருக்கு வியர்க்கத் தொடங்கினால் உடனே செய்ய வேண்டியது: மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, பதினைந்து நிமிடம் கழித்து அளந்து பார்ப்பது, 70ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடியும் குடிப்பது. 70ஐத் தாண்டியதும் சாப்பிட்டுவிட வேண்டும். கிளிமெபிரைடின் வேலை ஒரு நாள் வரை நீடிக்கும், குடித்த சர்க்கரையோ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்கு மாலையில் மறுபடி தாழ்வது இதனால்தான், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். உங்கள் மாத்திரை அட்டையில் மேலே சொன்ன மூன்று பெயர்களில் ஒன்று இருந்தால், வெறும் வயிற்றுப் பரிசோதனை நாளில் அதை எப்போது போடுவது என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.