கைச்செலவில் ஒளிந்திருக்கும் ஐம்பதாயிரம்

பால், கேஸ், மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டு என்று வரிவரியாக எழுதிவைக்கும் வீட்டுக் கணக்கு நோட்டில் 'சிகரெட்' என்றொரு வரியைப் பார்ப்பது அபூர்வம். அது 'கைச்செலவு' என்ற வரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்தமாக ஒரு தொகை எடுத்துக் கொடுத்தாலாவது மனதில் நிற்கும். நம் ஊரில் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் வாங்குகிறோம். சில்லறையாகப் போகிற காசுக்குக் கணக்கு வைக்க யாருக்குத் தோன்றும்?

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சம்பளம் 38,000 ரூபாய். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் யோசிக்காமல் "ஆறுதாங்க" என்பார். பொய்யில்லை, வேலைநாளில் ஆறுதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூடிவிட்டால் பத்தாகிறது. ஞாயிறு வீட்டில் சும்மா இருக்கிற நாள், பன்னிரண்டு. வாரத்துக்கு 52. ஒரு சிகரெட் 18 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடை விலை வேறென்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் ஆறு என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 39,420 ரூபாய் வரும். வாரக் கணக்கை 52 வாரத்தால் பெருக்கினால் 48,672. ஒன்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் வார இறுதியில் மட்டும்.

அதனால் நாள் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு முழு வாரம், பழக்கத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், பற்றவைக்கும்போதெல்லாம் போனில் ஒரு கோடு போட்டு வாருங்கள். அடுத்தவர் கொடுத்த ஓசி சிகரெட்டைக் காசுக் கணக்கில் சேர்க்காதீர்கள்; நீங்கள் அடுத்தவருக்கு வாங்கிக் கொடுத்ததைச் சேர்த்துவிடுங்கள். ஜிபே பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று தோன்றலாம். அதில் டீயும் சிகரெட்டும் ஒரே தொகையாகக் கிடக்கும், பிரிக்க முடியாது. மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கணக்குத் தீர்க்கிறவர்களுக்கு மட்டும் இந்த வேலை சுலபம். அவரிடமே சிட்டை இருக்கிறது.

கூடவே வரும் டீ, மிட்டாய், தீப்பெட்டி? சேர்த்தால் ஆண்டுத் தொகை ஐம்பத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும், பயமுறுத்த வசதியாக இருக்கும். நான் சேர்க்க மாட்டேன். சிகரெட்டை விட்டாலும் டீ நிற்பதில்லை, சில சமயம் கூடவே செய்கிறது. கையில் வராத காசைச் சேமிப்பு என்று எழுதிவைத்தால் இரண்டாவது மாதமே கணக்கின் மேல் நம்பிக்கை போய்விடும்.

ஆக, நம் சூப்பர்வைசருக்கு மாதம் 4,056 ரூபாய். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இனிமேல்தான் சிக்கல். சிகரெட்டை விட்ட பிறகு இந்த நாலாயிரம் எங்கேயும் வந்து நிற்பதில்லை. ஒரு நாள் பஜ்ஜி, ஒரு நாள் ஆட்டோ, ஒரு நாள் பிள்ளைக்கு ஐஸ்க்ரீம் என்று வந்த வழியே போய்விடுகிறது. மாதக் கடைசியில் "விட்டு என்ன மிச்சமாச்சு?" என்று அவருக்கே அலுப்பாகிறது. சம்பளம் வந்த அன்றே கைச்செலவிலிருந்து அந்தத் தொகையைப் பிரித்து வேறு கணக்குக்கு மாற்றினால்தான் அது சேமிப்பு.

பூட்டிவைத்த பணம் இந்த விஷயத்தில் வேலை செய்யும் என்பதைப் பிலிப்பைன்ஸில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி, புகைப்பவர்களிடம் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னது. ஆறு மாதம் அதில் பணம் போட வேண்டும். முடிவில் சிறுநீர்ச் சோதனையில் நிகோட்டின் தடயம் இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும்; இருந்தால் முழுத் தொகையும் தர்மத்துக்குப் போய்விடும். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, இந்த வாய்ப்பு தரப்பட்டவர்களிடையே புகைப்பதை விட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனால் கணக்குத் தொடங்க முன்வந்தவர்கள் நூற்றுக்குப் பதினோரு பேர்தான். தோற்றால் எல்லாம் போகும் என்ற நிபந்தனைக்குப் பெரும்பாலோர் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் அவ்வளவு கறார் தேவையில்லை. எடுக்கக் கொஞ்சம் சிரமமான இடத்தில் பணம் இருந்தால் போதும்.

அஞ்சலக ஆர்.டி. அதற்குப் பொருத்தமான இடம். ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டு ஆகாமல் முன்கூட்டி முடிக்க முடியாது. மற்ற நேரத்தில் குறையாகத் தெரியும் இந்த விதி, இங்கே நமக்கு வேண்டிய பூட்டு. மாதம் 3,000 போட்டால் கட்டுவது 1,80,000, 6.7 சதவீத வட்டியில் முதிர்வு சுமார் 2,14,000. நாலாயிரத்தையும் ஏன் போடவில்லை என்றால், ஐந்தாண்டு கழித்து வரும் பணம் இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஆசையை அடக்காது. மீதி ஆயிரம் கண்ணெதிரே செலவாக வேண்டும். மூன்று மாதம் சேர்த்து மூவாயிரத்துக்கு ஒரு மிக்ஸியோ, மகளுக்கு நல்ல ஷூவோ, அவருக்கே ஒரு கைக்கடிகாரமோ வாங்கலாம். அது சிகரெட் காசில் வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "என்னங்க, அந்த நாலாயிரத்துல இந்த மாச கரண்ட் பில்லைக் கட்டிடலாமா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். விட்டவருக்கு விட்டதன் பலன் தெரியாது. மனைவி கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, பில் கட்டத்தான் வேண்டும். ஆனால் கரண்ட் பில் சிகரெட்டுக்கு முன்பும் கட்டப்பட்டதுதானே? குறைந்தது ஓராண்டுக்கு அந்தத் தொகை பட்ஜெட்டில் தனி வரியாகவே நிற்கட்டும்.

முதல் மூன்று மாதம் ஆர்.டி. தொடங்க வேண்டாம். விடுவதற்கும் செலவு உண்டு. டாக்டரைக் கேட்டு 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் எடுப்பவருக்கு, ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு எட்டு என்றால் மாதம் 2,400 ஆகிவிடும். இதைச் சாதாரண சூயிங்கம் போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுள்ளென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கிய பிறகு மறுபடி மெல்ல வேண்டும். தெரியாமல் மென்று விழுங்கி, விக்கலும் வயிற்று எரிச்சலுமாகி, "இது ஒத்துக்கலை" என்று தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. போகப்போக எண்ணிக்கை குறையும், அதற்கேற்ப மிச்சமும் கூடும். முதல் மாத மிச்சம் ஆயிரத்து அறுநூறு சொச்சம்தான் என்பதை முன்பே சொல்லிவைத்துவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

காசை மட்டும் காரணமாக வைத்தால் ஓர் ஓட்டையும் இருக்கிறது. விலை குறைந்த சின்ன சிகரெட்டுக்கோ பீடிக்கோ மாறினாலும் நோட்டில் மிச்சம் காட்டும். எண்ணிக்கையைக் குறைப்பவர்களும் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, கடைசிவரை குடித்துக் குறைந்ததை ஈடுகட்டிவிடுவதுண்டு. நுரையீரலுக்கு அந்த மிச்சம் தெரியாது. ஆகவே தனி வரியில் ரூபாய்க்குப் பக்கத்தில் எண்ணிக்கையும் எழுத வேண்டும். அந்த எண் பூஜ்யமாக இருக்கும் மாதத்துக்கு மட்டுமே அந்த ஆயிரம்.

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால்? அந்த மாத ஆயிரம் ஆர்.டி.க்குப் பக்கத்துச் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். மூவாயிரம் வழக்கம்போல் கட்டப்படட்டும். எல்லாம் போயிற்று என்று ஆர்.டி.யையும் நிறுத்திவிட்டால், அடுத்த வாரமே பழைய 52க்குத் திரும்ப ஒரு சாக்குக் கிடைத்துவிடும். ஆசை தாங்க முடியாத நாட்களுக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது. இந்த அழைப்புக்குக் காசு கிடையாது.