எதிர்த்திசையில் ஏறிய சிறுமி

வழி தவறிய பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு வயதான கண்டக்டர் ஒருவர் உதவுகிறார். சிறுவர் கதைக்கு இதைவிட எளிய கரு வேண்டுமா என்று தோன்றும். வழக்கமாக எழுதப்படுவது இப்படித்தான்: சிறுமி அழுகிறாள், கண்டக்டர் பஸ்ஸை நிறுத்துகிறார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து வீட்டில் சேர்க்கிறார். தினமும் பஸ்ஸில் போகும் எட்டு வயதுக் குழந்தை இதைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்கும்: "அப்போ பஸ்ல இருந்தவங்க எல்லாம் என்ன பண்ணாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால்தான் கதை நிற்கும். பதில் கண்டக்டரின் வேலைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நெடுங்காலமாக ஓடும் தடம் 29சி. மூன்றாம் வகுப்புக் கயலுக்குப் பள்ளி அடையாற்றில், வீடு லஸ் அருகில். தினமும் அக்காவோடு வருபவள், அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று தனியாக பஸ் ஏறுகிறாள். ஏறியது 29சி-தான். ஆனால் அது பெசன்ட் நகர் போகும் வண்டி.

குழந்தைகள் பஸ்ஸில் வழி தவறுவதற்கு இதைவிட இயல்பான காரணம் கிடைப்பது அரிது. போகும்போதும் வரும்போதும் வண்டியின் எண் ஒன்றுதான். மாறுவது பலகையில் இருக்கும் ஊர்ப்பெயரும், ஏற வேண்டிய நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கம் என்பதும் மட்டுமே. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை எதிர்ப்பக்கம் நின்று சரியான எண்ணில் தவறான பஸ்ஸில் ஏறிவிடும். கதையில் கொடியவர் யாரும் தேவையில்லை. சாலையின் இரண்டு பக்கங்களே போதும்.

அடுத்து, கண்டக்டரின் வயது. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு வயது 60. ஆகவே படத்தில் எண்பது வயதுத் தாத்தா காக்கிச் சட்டையில் நின்றால் அது பொய். கதையின் முத்தையாவுக்கு 59 வயது, ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தையின் கண்ணுக்கு அவர் தாத்தாதான். பல வருடங்களாக அந்தத் தடத்தில் ஓடியவர் என்பதால், எந்த நிறுத்தத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கதைக்கு அவருடைய முதுமை தேவைப்படுவது இதற்காகத்தான், இரக்கத்துக்காக அல்ல.

பெசன்ட் நகர் வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பள்ளிச் சீருடை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முத்தையா பக்கத்தில் வருகிறார்.

"எங்கம்மா இறங்கணும்?"

"வீட்டுக்கு."

பெரியவர்கள் ஊரை நிறுத்தப் பெயர்களாக நினைவில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோ கண்ணில் பட்டதை வைத்திருக்கிறார்கள். 'எந்த ஸ்டாப்?' என்று மறுபடி மறுபடி கேட்டால் பயந்த குழந்தை வாயை மூடிக்கொள்ளும். முத்தையா கேள்வியை மாற்றுகிறார்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் எதிர்ல என்ன தெரியும்?"

"மஞ்சள் ஆட்டோ நிக்கும், தாத்தா."

"ஓடுறதைச் சொல்லாதே கண்ணு, நிக்கிறதைச் சொல்லு."

கயல் யோசிக்கிறாள். பிள்ளையார் கோயில் என்கிறாள். சென்னையில் பிள்ளையார் கோயில் இல்லாத தெரு எது? இன்னொன்று கேட்கிறார். மொட்டை மாடியில் நின்றால் பறக்கும் ரயில் தெரியும் என்கிறாள். அந்த ரயில் மந்தைவெளியிலும் தெரியும், மயிலாப்பூரிலும் தெரியும். பிள்ளையாரையும் ரயிலையும் சேர்த்துப் பார்த்ததும் முத்தையாவுக்கு இடம் பிடிபடுகிறது: லஸ் முனை, நவசக்தி விநாயகர் கோயில். கதையின் நடுப்பகுதி இதுதான். வழியைக் கண்டுபிடித்தவள் சிறுமி. சரியான கேள்வி கேட்டவர் கண்டக்டர். அவரே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டால் கயல் வெறும் மூட்டையாகிவிடுவாள்.

இனி, அந்த முதல் கேள்விக்கு வருவோம். முத்தையா பஸ்ஸை விட்டு எங்கும் போக வேண்டியதே இல்லை. கடைசி நிறுத்தத்தில் சில நிமிடங்கள் நின்றுவிட்டு, அதே வண்டி, அதே டிரைவர், அதே கண்டக்டரோடு வந்த வழியே திரும்பும். அந்த வழியில்தான் லஸ் இருக்கிறது. கயல் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும். டிக்கெட் பையையும் வசூல் பணத்தையும் விட்டுவிட்டு கண்டக்டர் நகர முடியாது என்ற விதி, எழுதுபவருக்குத் தடையாகத் தெரியும். கதையை முடித்துக் கொடுப்பதே அதுதான்.

ஆனால் புறப்படும் முன் செய்ய வேண்டியவை உண்டு. கயலின் பள்ளி டைரியில் அம்மாவின் எண் இருக்கிறது. முத்தையா நேராக டைம் கீப்பர் அறைக்கு அவளை அழைத்துப் போகிறார். இரண்டு பேர் முன்னிலையில் அங்கிருந்து போன் செய்கிறார். லஸ் நிறுத்தத்தில் பாட்டி வந்து நிற்பார் என்று அம்மா சொல்கிறார். திரும்பும் பயணத்தில் கயல் முன்பக்கம், பெண்கள் இருக்கையில், எல்லோர் பார்வையிலும் உட்கார்கிறாள்.

எண் கிடைக்காமல் போயிருந்தால்? கதையில் அந்தக் கிளையும் ஒரு வரியாவது வர வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996-இல் மும்பையில் தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. பெற்றோரைப் பிரிந்து நிற்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் இந்த உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சொல்லியாக வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, மறுநாள் மெதுவாக விசாரிக்கும் நல்ல மனிதர் பழைய கதைகளில் வருவார். இன்றைய குழந்தைக்கு அவரைக் காட்டக் கூடாது.

லஸ்ஸில் ஒரு விசில். வண்டி நிற்கிறது. கீழே நிற்கும் மூதாட்டி, "என் பேத்திதாங்க" என்கிறார். முத்தையா உடனே இறக்கிவிடவில்லை. கயலைப் பார்த்து, "யாரும்மா இவங்க?" என்கிறார். அவள் "ஆயா!" என்று கத்திய பிறகுதான் வழிவிடுகிறார். அறிவுரையாகச் சொன்னால் குழந்தைகள் மறந்துவிடும் பாடத்தை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது. பிறகு இரண்டு விசில், பஸ் புறப்படுகிறது.

மொழியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழிலும், பேசும் வரிகள் பேச்சுத் தமிழிலும் இருந்தால் எட்டு வயதுக் குழந்தை தடுமாறாமல் படிக்கும். முத்தையா "எங்கு இறங்க வேண்டும்?" என்று கேட்டால் அவர் கண்டக்டர் அல்ல, பாடப்புத்தகம். ஒரு விசிலுக்கு நிற்பது, இரண்டு விசிலுக்குப் போவது என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொண்டுவந்தால், கேட்கும் குழந்தைகள் தாங்களே விசில் ஒலி எழுப்பத் தொடங்கும்.

இடத்தின் உண்மை எளிதில் பழசாகிவிடும். மெட்ரோ ரயில் பணியால் மயிலாப்பூர்ப் பகுதியில் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டிருக்கிறது. ஊர்ப்பெயரோடு எழுதுபவர் ஒருமுறை அந்தப் பஸ்ஸில் போய்வந்து எழுதலாம். இல்லையென்றால் கதை நடக்கும் ஆண்டைக் குறிப்பிட்டுவிடலாம்.

வகுப்பில் இதைப் படித்துக் காட்டும் ஆசிரியர், முடித்ததும் குழந்தைகளிடம் அவரவர் நிறுத்தத்துக்கு மூன்று அடையாளம் கேட்கலாம். முதல் சுற்றில் இளநீர் வண்டி, கறுப்பு நாய், மாமாவின் பைக் எல்லாம் வரும். முத்தையா ஆட்டோவைத் தள்ளிவைத்தது போல அவற்றைத் தள்ளிவைத்து இன்னொரு சுற்று கேட்டால் தண்ணீர்த் தொட்டியும் பள்ளிவாசலும் ரேஷன் கடையும் வரத் தொடங்கும். நான்காவதாக, பள்ளியிலிருந்து திரும்பும்போது சாலையின் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறுவாய் என்று கேட்க வேண்டும்.