எந்த நொடியில் விலகினார்கள்?

ஃப்ரீலான்ஸ் வீடியோ எடிட்டர் மாதக் கடைசியில் அனுப்பும் ரிப்போர்ட் மெயிலில் கடைக்காரர் முதலில் தேடுவது வியூஸ். உண்மையில் பார்க்க வேண்டியது, ஆட்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்பதை. யூடியூப் ஸ்டுடியோ அதைக் கோடாகவே வரைந்து காட்டும்.

ஒரு ஜவுளிக்கடையின் 40 நொடி ஷார்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கோடு 4-ஆவது நொடியில் சட்டென்று சரிகிறது. அங்கே ஓடுவது கடை லோகோ. மெயில் இப்படிப் போகலாம்: “அண்ணே, லோகோவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதல் ஷாட்டிலேயே புடவையை விரித்துக் காட்டலாம். அடுத்த நாலு வீடியோவில் இரண்டை மட்டும் அப்படி வெட்டுகிறேன். விலை சொல்லும் ஷாட் ஒன்றை வெள்ளிக்குள் மொபைலில் எடுத்து அனுப்புங்கள்.”

நாலையுமே மாற்றினால், கூட்டம் ஏறியது புது வெட்டாலா தீபாவளியாலா என்று பிரிக்க முடியாது. இரண்டை வைத்தும் உறுதியாகச் சொல்லிவிட முடியாதுதான். ஒரு தடயம் கிடைக்கும். விற்பனைக் கணக்கு யூடியூபுக்குத் தெரியாது. கல்லாவில் இருப்பவர்தான் “வீடியோ பார்த்தா வந்தீங்க?” என்று கேட்டுக் குறித்துவைக்க வேண்டும்.