ஒரே சரக்கு, இரண்டு இடங்கள்

மின்சாதனக் கடை ஒன்றில் கல்லாவுக்கு மேலே ஒரு மின்விசிறி சுழல்கிறது. அதே நிறுவனத்தின் அதே மாதிரி விசிறிகள் அட்டைப்பெட்டிகளில் பின்னறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கணக்கேட்டில் இவை இரண்டும் ஒரே வகைச் சொத்து அல்ல. மேலே சுழல்வது நிலைச் சொத்து. கடை நடக்க அது பல ஆண்டுகள் உழைக்கும், அதை விற்கும் எண்ணம் கடைக்காரருக்கு இல்லை. பெட்டியில் இருப்பது நடப்புச் சொத்து, விற்பதற்காகவே வாங்கப்பட்டது. ஒரு சொத்து எந்த வகையில் சேரும் என்பதை அதை வைத்திருக்கும் நோக்கமே தீர்மானிக்கிறது. ஆகவே ‘இயந்திரம் என்றால் நிலைச் சொத்து’ என்று மனப்பாடம் செய்யும் மாணவர், தையல் இயந்திரம் விற்கும் கடையின் கணக்கைப் போடும்போது தவறிவிடுவார்.

நடப்புச் சொத்து என்பது வியாபாரச் சுழற்சிக்குள் பணமாக மாறக்கூடியது. பணம் கொடுத்துச் சரக்கு வாங்கப்படுகிறது. அது கடனுக்கு விற்கப்பட்டால் கடனாளியாக மாறுகிறது. கடனாளி செலுத்தியதும் மீண்டும் பணமாகிறது. இந்தச் சுற்று முடிய ஆகும் காலத்தை இயக்கச் சுழற்சி என்பார்கள். 2013ஆம் ஆண்டின் இந்திய நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் இதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறது: இயல்பான இயக்கச் சுழற்சிக்குள் விற்க அல்லது பயன்படுத்தி முடிக்க வைத்திருப்பது நடப்புச் சொத்து. சுழற்சி இவ்வளவு என்று கண்டறிய முடியாவிட்டால் 12 மாதங்கள் என்று கொள்ள வேண்டும்.

ஓராண்டுக்குள் விற்றால்தான் நடப்புச் சொத்து என்று பலரும் நினைப்பது இதனால் முழுச் சரியல்ல. அடுக்குமாடி வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்குச் சுழற்சியே இரண்டு மூன்று ஆண்டுகள் நீளலாம். அதன் விற்காத வீடுகள் அப்போதும் சரக்கிருப்புதான், நடப்புச் சொத்துதான். மின்சாதனக் கடையில் இரண்டு ஆண்டுகளாகத் தூசு படிந்து கிடக்கும் பழைய மாதிரி விசிறியும் நிலைச் சொத்தாக மாறிவிடுவதில்லை. வகை மாறாது, மதிப்புதான் குறையும்.

அந்த மதிப்பு எப்படி வருகிறது? மார்ச் 31 அன்று கடை மூடியபின் பொருள்கள் எண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அடக்க விலை போடப்படுகிறது. கடைக்குக் கொண்டுவர ஆன வண்டிச் சத்தமும் அடக்கத்தில் சேரும். உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டி சேராது. பின்பு அந்த அடக்க விலையை நிகரத் தீர்வு மதிப்போடு, அதாவது விற்கும் விலையிலிருந்து விற்க ஆகும் செலவைக் கழித்துக் கிடைப்பதோடு, ஒப்பிட வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கில் ஏறும்.

இந்தக் கடையில் எண்ணி முடித்தபோது மொத்த அடக்கம் ரூ.1,24,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் ரூ.1,800 அடக்கம் உள்ள பழைய விசிறிகள் 10. இன்று அவற்றை ரூ.1,500க்குத்தான் தள்ளிவிட முடியும். அதற்கும் விசிறிக்கு ரூ.100 செலவாகும். ஆக ஒன்றின் மதிப்பு ரூ.1,400. பத்துக்கும் சேர்த்து ரூ.4,000 குறைகிறது. பக்கத்திலேயே ரூ.2,000 அடக்கமுள்ள புது மாதிரி ரூ.2,600க்குப் போகும் என்றாலும் அதை ரூ.2,000க்கு மேல் ஏற்றக் கூடாது. வரப்போகும் நட்டத்தை இப்போதே எழுது, வராத இலாபத்தை எழுதாதே என்பதே இதன் பின்னுள்ள முன்னெச்சரிக்கைக் கொள்கை. இறுதிச் சரக்கிருப்பு ரூ.1,20,000.

இனி கணக்குக்கு வருவோம். இருப்பாய்வின் பற்றுப் பக்கத்தில் தொடக்கச் சரக்கிருப்பு ரூ.80,000, கொள்முதல் ரூ.6,00,000, செலவுகள் ரூ.60,000, அறைகலனும் விசிறியும் ரூ.50,000, கடனாளிகள் ரூ.40,000, ரொக்கமும் வங்கி இருப்பும் ரூ.70,000. வரவுப் பக்கத்தில் முதல் ரூ.1,50,000, கடனீந்தோர் ரூ.50,000, விற்பனை ரூ.7,00,000. இரு பக்கமும் ரூ.9,00,000. எளிமைக்காகத் தேய்மானத்தை விட்டுவிடலாம்.

இதில் இறுதிச் சரக்கிருப்பு எங்கும் இல்லை. ஆண்டு முழுவதும் வாங்கியது கொள்முதல் கணக்கிலும் விற்றது விற்பனைக் கணக்கிலும் எழுதப்பட்டனவே தவிர, மீந்தது எவ்வளவு என்று எந்தப் பேரேடும் சொல்லவில்லை. அது எண்ணிய பிறகே தெரியவந்தது. எனவே சரிக்கட்டுப் பதிவில் இறுதிச் சரக்கிருப்புக் கணக்கைப் பற்று வைத்து, வியாபாரக் கணக்கை வரவு வைக்க வேண்டும். ஒரு பதிவுக்கு இரண்டு கால்கள் இருப்பதால்தான் சரக்கும் இரண்டு இடங்களில் தோன்றுகிறது.

முதலாவது, வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கம். தொடக்கச் சரக்கும் கொள்முதலும் சேர்ந்து ரூ.6,80,000. அதில் ரூ.1,20,000 இன்னும் கடையில் இருக்கிறது. விற்ற சரக்கின் அடக்கம் ரூ.5,60,000 மட்டுமே. மொத்த இலாபம் ரூ.1,40,000. செலவுகள் போக நிகர இலாபம் ரூ.80,000.

இரண்டாவது, இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கம். நிலைச் சொத்து ரூ.50,000. அதன்கீழ் நடப்புச் சொத்துகள் என்ற தலைப்பில் இறுதிச் சரக்கிருப்பு ரூ.1,20,000, கடனாளிகள் ரூ.40,000, ரொக்கமும் வங்கியும் ரூ.70,000. கூட்டுத்தொகை ரூ.2,80,000. எதிர்ப்பக்கத்தில் முதலும் இலாபமும் ரூ.2,30,000, கடனீந்தோர் ரூ.50,000. சரியாக நிற்கிறது. தொடக்கச் சரக்கிருப்புக்கு இங்கே இடமில்லை. அது வியாபாரக் கணக்கோடு தீர்ந்துவிட்டது.

மாணவர் சரக்கிருப்பை ஓரிடத்தில் மட்டும் எழுதினால் இரு பக்கங்களும் ரூ.1,20,000 வித்தியாசப்பட்டுத் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டிலும் விட்டுவிட்டாலோ ஆபத்து. மொத்த இலாபம் ரூ.20,000 ஆகி, ரூ.40,000 நிகர நட்டம் வரும். இருப்புநிலைக் குறிப்போ இரு பக்கமும் ரூ.1,60,000 என்று அழகாகப் பொருந்திவிடும். சரக்கின் மதிப்பை வேண்டுமென்றே கூட்டிக் காட்டுபவர்களுக்கும் இதுவே வசதி: ரூ.20,000 கூட்டினால் இலாபமும் சொத்தும் ஒருசேரக் கூடும், கணக்கு எந்த முணுமுணுப்பும் செய்யாது. இந்த ஆண்டின் இறுதிச் சரக்கு அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கு என்பதால், கூட்டிய அதே ரூ.20,000 அப்போது இலாபத்தைக் குறைக்கும்.

தேர்வில் இன்னொரு கண்ணி உண்டு. சில வினாக்களில் இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வுக்குள்ளேயே தரப்பட்டிருக்கும், கூடவே ‘சரிக்கட்டப்பட்ட கொள்முதல்’ என்றிருக்கும். கொள்முதலிலிருந்து அந்த மதிப்பு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். இரட்டைப் பதிவு அங்கேயே முடிந்துவிட்டதால், சரக்கை இருப்புநிலைக் குறிப்பில் மட்டுமே காட்ட வேண்டும். வியாபாரக் கணக்கிலும் எழுதினால் இலாபம் இரட்டிப்பாக ஏறும்.

நடப்புச் சொத்துகளுக்குள்ளும் சரக்கு சற்றே தாமதமாகப் பணமாகும் வகை. விற்க வேண்டும், பிறகு வசூலிக்க வேண்டும். அதனால் விரைவு விகிதம் கணக்கிடும்போது அதை விலக்குகிறார்கள். இந்தக் கடையின் நடப்பு விகிதம் 4.6, சரக்கை நீக்கினால் 2.2. நிறுமங்களின் இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்பு ஒரே வரியில் வந்தாலும், மூலப்பொருள், முடிவுறாப் பணி, உற்பத்தியான பொருள், வணிகச் சரக்கு ஆகியவற்றின் தொகை தனித்தனியே குறிப்பில் தரப்படும். வங்கிக்காரர் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கங்களில் அதுவும் ஒன்று.