சொந்தக் குடியிருப்புக்கு வீடு வேண்டுமா? மல்லேஸ்வரம் வாடகைதாரர்களுக்கு வரும் நோட்டீஸ்: சட்டம் சொல்வது என்ன?

பெங்களூரு: "எனது மகன் குடியேற இருப்பதால் வீட்டைக் காலி செய்து தரவும்" என்ற வாசகத்துடன் உரிமையாளரின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தால், அந்தத் தேவை உண்மையா என்ற கேள்வியே வாடகைதாரருக்கு முதலில் எழுகிறது. ஆனால் மல்லேஸ்வரத்தின் பெரும்பாலான வீடுகளைப் பொறுத்தவரை, நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் செல்வதில்லை. குத்தகை முறைப்படி முடிக்கப்பட்டதா என்பதையே அது பார்க்கிறது.

எந்தச் சட்டம் பொருந்தும்?

கர்நாடக வாடகைச் சட்டம், 1999-இன் 27(2)(ஆர்) பிரிவு, உரிமையாளரோ அவரது குடும்பத்தினரோ குடியிருக்க வீடு தேவைப்படுவதை வெளியேற்றத்துக்கான காரணமாக ஏற்கிறது. உரிமையாளருக்குப் பொருத்தமான வேறு வீடு இல்லாமலும் இருக்க வேண்டும்.

இருப்பினும், பெங்களூரு போன்ற நகரங்களில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனவே பல பத்தாண்டுகளாகக் குறைந்த வாடகையில் தொடரும் பழைய வீடுகளுக்கே இதன் பாதுகாப்பு பெரும்பாலும் எஞ்சியுள்ளது. இன்றைய வாடகையில் உள்ள அடுக்குமாடி வீடுகள் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் கீழ் வருகின்றன. அச்சட்டப்படி உரிமையாளர் காரணம் கூற வேண்டிய அவசியமே இல்லை. நோட்டீஸில் "சொந்தப் பயன்பாடு" என்று எழுதினாலும், எழுதாவிட்டாலும் விளைவு ஒன்றே.

15 நாள் கணக்கு

ஒப்பந்தக் காலம் முடியாத நிலையில், அதில் இடமிருந்தால் மட்டுமே உரிமையாளர் இடையில் நோட்டீஸ் அனுப்பி முடிக்க இயலும். 11 மாத ஒப்பந்தம் முடிந்த பின்னும் வாடகை பெறப்பட்டு வந்தால், அது பொதுவாக மாதாந்திரக் குத்தகையாகக் கருதப்படும். இதனை முடிக்க, அச்சட்டத்தின் 106-ஆவது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் தேவை. இரண்டு மாத அவகாசம் என ஒப்பந்தம் கூறி, அந்த நிபந்தனை தொடருமானால், அதுவே பின்பற்றப்படும்.

உதாரணமாக, மாதம் 25,000 ரூபாய் வாடகை உள்ள ஒரு வீட்டுக்கு ஜூன் 1 அன்று அனுப்பிய நோட்டீஸ், ஜூன் 6 அன்று வாடகைதாரரின் கைக்குக் கிடைக்கிறது எனக் கொள்வோம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்தே கணக்கு தொடங்கும். எழுதிய தேதி பொருட்டல்ல. அதன்படி 15 நாள் ஜூன் 21-இல் நிறைவடைகிறது. "ஜூன் 16-க்குள் காலி செய்க" என நோட்டீஸில் தவறாகக் குறிப்பிட்டிருந்தாலும், ஜூன் 21-க்குப் பிறகு வழக்குத் தொடரப்பட்டால் அந்த ஒரு குறையால் மட்டும் நோட்டீஸ் செல்லாததாகிவிடாது.

நோட்டீஸ் எழுத்துப்பூர்வமாகவும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும். அஞ்சலில் அனுப்பலாம், நேரில் அல்லது வீட்டில் உள்ள குடும்பத்தினரிடம் கொடுக்கலாம், அதற்கு வழியில்லாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பதிவு அஞ்சலை வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுகின்றன. வாய்மொழியாகக் கூறுவது போதாது.

வாடகையை வாங்கினால்?

நோட்டீஸுக்குப் பிறகும் வாடகையை வாங்கிய உரிமையாளர், அதனைக் கைவிட்டதாக ஆகுமா என்பது அடிக்கடி எழும் சர்ச்சை. வாடகையைப் பெற்றது மட்டுமே நோட்டீஸைக் கைவிட்டதற்குச் சான்றாகாது. குத்தகையைத் தொடரும் எண்ணமும் இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டில் சரூப் சிங் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, வழக்கிற்குப் பாதகமின்றிப் பெறுவதாகக் குறிப்பிட்டு ரசீது வழங்குவது வழக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கில், 1979-ஆம் ஆண்டு ஏழு நீதிபதிகள் அமர்வு வேறொரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றம் கோரும்போது 106-ஆவது பிரிவு நோட்டீஸ் கட்டாயமில்லை என்றது அத்தீர்ப்பு. சுருங்கக் கூறின், பழைய வாடகை வீட்டில் காரணம் முக்கியம். புதிய வாடகை வீட்டில் நோட்டீஸ் முக்கியம்.

கெடு முடிந்த பிறகு

கெடு முடிந்தாலும் பூட்டை மாற்றவோ, குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கவோ உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. பெங்களூருவில் இத்தகைய வெளியேற்ற வழக்குகளைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட தீர்வுச் சட்டம், 1963-இன் 6-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்து வீட்டை மீட்கலாம். மறுபுறம், கெடுவுக்குப் பின் தங்கியிருக்கும் காலத்துக்கு, சந்தை வாடகையின் அடிப்படையில் இழப்பீடு செலுத்தும்படி வாடகைதாரருக்கு உத்தரவிடப்படலாம்.

எனவே நோட்டீஸ் பெறுபவர், அது கிடைத்த தேதியை உறையுடன் பாதுகாத்து, ஒப்பந்தத்தில் உள்ள அவகாசத்தையும் முன்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையையும் சரிபார்த்து, எழுத்துப்பூர்வமாகப் பதில் அனுப்ப வேண்டும். முன்பணம் பெறும் நாளிலேயே சாவியை ஒப்படைத்து, இரு தரப்பினரும் கையொப்பமிட்ட கடிதம் வைத்துக்கொள்வது பின்னர் எழும் பிணக்கைத் தவிர்க்கும்.