தாத்தாவின் காதல் கடிதத்தை எப்படி வாசிப்பது?

தேவ்நார், செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. பிழைக்க வந்த தாத்தா இங்கே ஒரு சாலில் தங்கியிருப்பார். ஆச்சி ஊரில் இருந்திருப்பாள். இருவருக்கும் நடுவே ஓடிய கடிதங்கள் இன்றும் சில வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. அவர்களுக்காக இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து, ஒரு குடும்ப ஏடாக ஆக்கிவைக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் முனைகிறார். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வேலை படம் எடுப்பது. கடிதத்தை ஒட்டவோ லேமினேட் செய்யவோ கூடாது. சூட்டில் மை மாறலாம். பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. உள்நாட்டுக் கடிதமாக இருந்தால் மடிப்புகளையும் ஓரங்களையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இடம் போதாமல் கடைசி வரிகளை ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். பசை ஒட்டிய அந்த ஓரம்தான் பிரிக்கும்போது கிழிந்திருக்கும். மனைவிக்கு மட்டுமான சொல் பல நேரம் அங்கேதான் இருக்கும். பென்சிலில் எழுதி மங்கிய கடிதத்துக்கு, பக்கவாட்டில் இருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் பென்சில் அழுத்திய தடம் தெரியும்.

அடுத்தது தேதி. அஞ்சல் முத்திரை அழிந்திருந்தாலும் முகவரி பேசும். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 'மாட்டுங்கா, பம்பாய்-19' என்றோ 'செம்பூர், பம்பாய்-71' என்றோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய கடிதம். 400019, 400071 என்று ஆறு இலக்கம் இருந்தால் உறுதியாகப் பிந்தையது. தாத்தா தமிழ் ஆண்டைப் போட்டிருக்கலாம்: 'விளம்பி ௵ தை ௴ 10'. ௵ என்பது வருடத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் உரிய குறிகள். விளம்பி 1958 சித்திரையில் தொடங்கியது. ஆகவே அந்தத் தை 10 என்பது 1959 ஜனவரி 23-ஐ ஒட்டிய நாள். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருமே என்ற சந்தேகம் எழுந்தால் தெற்கத்தி மக்கள் எழுதிய கொல்லம் ஆண்டு தீர்த்துவைக்கும். 1134 என்று இருந்தால் ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும் 824-ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825-ஐயும் கூட்ட வேண்டும். இங்கே 1134-உடன் 825, 1959. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் தேதி உறுதி.

இனி எழுத்துக்கு வருவோம். பழைய கையெழுத்தில் பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு காட்டவில்லை. துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் முன்பு 'லை', 'னை' போன்றவற்றின் தலையில் யானைத் துதிக்கைபோல ஒரு சுழி இருந்தது. 'ணா', 'றா', 'னா' தனிச் சுழிகளாக இருந்தன. இன்று தமிழ் வாசிக்கத் தெரிந்த இளைஞரே இங்கே தடுமாறுகிறார்.

விளக்குவதற்காக ஒரு வரியை நானே அந்தக் கால முறையில் எழுதிக் காட்டுகிறேன். பம்பாயில் இருந்து தாத்தா எழுதுவதாகக் கொள்ளுங்கள்:

'மெலுககு சொகமிலலெனனு தாககல வநதுசசு. சுடடி கெடசசா கொலியெ பூடடிடடு வாரென.'

இதை உடனே மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. முதலில், பிழை என்று தோன்றுவதையும் திருத்தாமல் அப்படியே ஒரு படி எடுக்க வேண்டும். அதற்குக் கீழே புள்ளியும் நெடிலும் சேர்த்த வாசிப்பு: 'மேலுக்கு சொகமில்லேன்னு தாக்கல் வந்துச்சு. சுட்டி கெடச்சா கோலியெ பூட்டிட்டு வாரேன்.' மூன்றாவதாகத்தான் பொருள். இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்தால், நாளைக்கு ஒரு பெரியவர் வந்து 'இது அந்தச் சொல் இல்லையே' என்று சொல்லும்போது எந்தப் படியில் தவறினோம் என்று கண்டுபிடிக்கலாம்.

இப்போது பொருள். நெல்லைப் பேச்சில் 'மேல்' என்றால் உடம்பு. 'தாக்கல்' என்றால் சொல்லியனுப்பும் சேதி. இரண்டாம் வாக்கியத்தில் ஊர் மாறிவிடுகிறது. 'சுட்டி' குறும்புப் பிள்ளையும் இல்லை, நெற்றிச் சுட்டியும் இல்லை, பம்பாயின் விடுப்பு. 'கோலி' விளையாட்டுக் குண்டு இல்லை. சாலில் தாத்தா குடியிருந்த ஒற்றை அறை. தமிழ் எழுத்து இந்தி ஒலிகளைப் பிரித்துக் காட்டாததால் இந்தச் சொற்கள் தமிழ்ச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்கின்றன. எதிர்த்திசையிலும் இந்தப் பொறி உண்டு. ஆச்சி 'ஒரு சோலியும் ஓடல' என்று எழுதினால், இந்தி பழகிய பேத்திக்கு ரவிக்கை நினைவுக்கு வரும். ஆச்சி சொல்வது வேறு: எந்த வேலையிலும் மனம் செல்லவில்லை. மொத்தக் கடிதத்திலும் காதல் வெளிப்பட்ட இடம் அந்த மூன்று சொற்களாகவே இருக்கலாம்.

ஆகவே பம்பாய்த் தாத்தாவின் கடிதத்துக்கு ஒரே வட்டார வழக்கை அறிந்தவர் போதாது என்பது என் கருத்து. ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரும், பழைய பம்பாய்ச் சால் பேச்சு தெரிந்த ஒருவரும் பக்கத்தில் வேண்டும். நூல்களும் உதவும். கி. ராஜநாராயணன் 1982-இல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசல் பேச்சுக்கானது என்றாலும், நெல்லைச் சொற்கள் பலவற்றுக்கும் கைகொடுக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி திருநெல்வேலி வழக்குகளுக்கு 'Tinn.' என்று குறி போட்டிருக்கிறது; அந்தக் குறி தென்பட்டால் சரியான தடத்தில் இருக்கிறோம் என்று கொள்ளலாம்.

அதைவிடக் கடினமானது, சொல்லாமல் விட்டதைக் காப்பது. அந்தக் காலக் கடிதத்தை வீட்டில் யாராவது உரக்கப் படிப்பார்கள், மாமியாரும் கேட்பாள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அதனால் அன்பு, 'நேரத்துக்குச் சாப்பிடு', 'பசு கன்னு போட்டுதா' என்ற வேடத்தில் வரும். திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்திருக்கின்றன. எழுத்தையே தொழிலாகக் கொண்டவரின் அந்தக் கடிதங்களிலும் பணமும் உடல்நிலையும் விடாமல் வருகின்றன. பெயர்ப்பவர் 'பசு கன்னு போட்டுதா' என்பதை 'உன்னை நினைத்து ஏங்குகிறேன்' என்று மாற்றினால் அது வேறொருவர் கடிதம். பசு பசுவாகவே இருக்கட்டும். அடிக்குறிப்பில் சூழலைச் சொல்லலாம்.

மரியாதையும் அப்படித்தான். ஆச்சி 'எப்ப வாரிய?' என்று கேட்டால் அது ஒருமை இல்லை. நெல்லையில் 'நீங்கள் எப்போது வருகிறீர்கள்' என்ற பணிவு அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் காட்ட வழியில்லை. இந்தியில் 'ஆப்' இருக்கிறது. மராத்தியில் இன்னும் நெருக்கமாக, பெண்கள் கணவரைப் பெயர் சொல்லாமல் 'அஹோ' என்று அழைக்கும் வழக்கமே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மராத்தியில் படித்தவர்களாக இருந்தால் ஆச்சியின் குரலுக்கு அந்த மொழியே பொருத்தம் என்பேன்.

படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குறிக்குள் வெற்றிடமாக விடுங்கள். ஏட்டில் இடப்பக்கம் கடிதத்தின் படமும், வலப்பக்கம் வாசிப்பும் பெயர்ப்பும் வரட்டும். ஆச்சி உயிரோடு இருந்தால் முதலில் அவளிடம் அனுமதி கேளுங்கள். காட்ட வேண்டாம் என்று அவள் ஒதுக்கும் கடிதம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். மற்றவற்றை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லி, கண் தெரியாவிட்டால் நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டி, இந்த வாரமே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.